விறைத்த தேமலும் தடித்த நரம்பும்: ஏன் தொழுநோய் என்று நினைக்கிறார்கள்?

"என் கணவருக்கு 41 வயது, மேசன் வேலை. வலது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சின்னவிரல் பக்கமாக, வெளிறின தேமல் ஒன்று ஒன்றரை வருடமாக இருக்கிறது. பூசுமருந்துக்குப் போகவில்லை. திருகோணமலையில் தோல் கிளினிக்கில் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு, முழங்கையில் நரம்பும் தடித்திருக்கிறது, தொழுநோயாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் தோலில் கீறி எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லையாம். கிருமி இல்லாமல் எப்படி அந்த நோய்? அவருக்குச் சீனியும் கொஞ்சம் இருக்கிறது, அதனால் வந்த விறைப்பாக இருக்காதா? வீட்டில் இரண்டு பிள்ளைகள். மாமி, இவரை மாந்தீவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அழுதுகொண்டே இருக்கிறா."

தங்கச்சி, முதலில் மாமிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாந்தீவுக்கு இவரை யாரும் அனுப்பப் போவதில்லை. மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கிற அந்தத் தீவு ஆஸ்பத்திரி, இந்த நோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில் ஆட்களை ஒதுக்கி வைக்க உண்டாக்கினது. மாமி சின்ன வயதில் கேட்ட கதைகள் எல்லாம் அந்தக் காலத்துக் கதைகள்தான், பொய்யில்லை, ஆனால் இப்போதைய கதை வேறு. கூட்டு மருந்து வந்தபிறகு வீட்டில் இருந்தபடி, வேலைக்குப் போய் வந்துகொண்டே, மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் மருந்தை எடுத்துக் குணமாகிற நோயாகிவிட்டது. நான் கிழக்கில் பல வருடம் தோல் கிளினிக்குகளில் வேலை செய்த வைத்தியன், அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் கணவரை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ஆகவே இதுதான் நோய் என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பார்த்தவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதை நன்றாக விளக்க முடியும்.

வெளிறின தேமல் மட்டும் என்றால் அது பெரிய விசயமே இல்லை. நம்முடைய வெயிலுக்கும் வியர்வைக்கும் அழுக்குத்தேமல் வராத முதுகு குறைவு. பிள்ளைகளுடைய கன்னத்தில் வெளிறின திட்டு வரும், படை வந்து மாறின இடம் வெளிறிக் கிடக்கும், பிறப்பிலேயே இருக்கிற வெள்ளை மறுவும் உண்டு, வெண்குஷ்டம் என்று நாம் சொல்லுகிற பால் வெள்ளைத் திட்டும் உண்டு (பெயரில் குஷ்டம் இருக்கிறதே ஒழிய அதற்கும் தொழுநோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தப் பெயராலேயே எத்தனையோ பெண்பிள்ளைகளின் கலியாணம் குழம்பியிருக்கிறது). இவை எல்லாவற்றிலும் நிறம்தான் மாறும், உணர்ச்சி மாறாது. ஒரு எறும்பு ஊர்ந்தால் தெரியும், தேத்தண்ணிக் கோப்பை பட்டால் சுடும்.

தொழுநோயில் அப்படியில்லை. அந்தக் கிருமி தோலை விட நரம்பைத்தான் விரும்புகிறது. நம் நரம்புகளை ஒரு வயர் என்று வைத்துக்கொண்டால், அந்த வயருக்கு மேலே உறை போட்டு அதைப் பராமரிக்கிற செல்கள் இருக்கின்றன, ஷ்வான் செல்கள் என்று பெயர். 1873 இல் நோர்வேயில் ஹான்சன் என்ற வைத்தியர் கண்டுபிடித்த இந்தத் தொழுநோய்க் கிருமி அந்த உறைச் செல்களுக்குள் புகுந்து குடியிருக்கும். தோலுக்குள் நுழைகிற மெல்லிய நரம்பு நுனிகளில் அது நடக்கும்போது, மேலே தோல் வெளிறும், கீழே உணர்ச்சி போகும். வியர்வையை நடத்துகிற நுனிகளும் சேர்ந்து போவதால் அந்த இடம் வறண்டு கிடக்கும், மயிரும் உதிர்ந்து மெலியும். உங்கள் கணவர் வெயிலில் நின்று வேலை செய்து வந்தவுடனே அந்தக் கையைப் பாருங்கள். சுற்றிவரத் தோல் வியர்த்து மினுங்கும், தேமல் மட்டும் தூசி படிந்த மாதிரிக் காய்ந்து இருந்தால், டொக்டர் ஏன் சந்தேகப்பட்டார் என்று உங்களுக்கே விளங்கும்.

ஆக, வெளிறின தேமலில் உணர்ச்சி நிச்சயமாக இல்லை என்றால் அதுவே தொழுநோயின் முதலாவது பெரிய அடையாளம். உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. இது ஒன்று. தடித்த நரம்பும், அந்த நரம்பு போகிற இடத்தில் விறைப்போ பலவீனமோ இருப்பதும் இன்னொன்று. தோலில் கீறி எடுத்த நீரில் கிருமி தெரிவது மூன்றாவது. மூன்றும் வேண்டியதில்லை, ஏதாவது ஒன்று தெளிவாக இருந்தாலே போதும். உங்கள் கணவரிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவதும் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. மூன்றாவது இல்லை. நீங்கள் அந்த இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறீர்கள், அது இயல்புதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பஞ்சுச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது, பிழையாகச் செய்தால் பிழையான பதில் வரும். பஞ்சை நுனியில் முறுக்கி மெல்லிய கூராக்க வேண்டும். முதலில் ஆள் கண்ணைத் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் ஒருமுறை தொட்டு, "இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேணும்" என்று பழக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலில் ஒன்று, தேமலின் நடுவில் ஒன்று, திரும்ப நல்ல தோலில் என்று மாறி மாறித் தொட வேண்டும். பஞ்சின் நுனி வளைகிற அளவுக்குத் தொட்டால் போதும், இழுக்கக் கூடாது, இழுத்தால் பக்கத்துத் தோல் அசைந்து ஆளுக்குத் தெரிந்துவிடும். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே தொடுவதும் பிழை, பயத்தில் இருக்கிற ஆள் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்வார். பேசாமல் தொட்டு, விரல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல தோலில் ஒவ்வொரு முறையும் சரியாகக் காட்டுகிறவர், தேமலில் தொட்டபோது அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தொடுகைக்குக் காத்திருப்பார். அதைப் பார்க்கிற மனைவிமாரின் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று கவனியுங்கள், முகத்தில் இருக்கிற தேமலில் இந்தச் சோதனை நம்பகமில்லை. முகத்துக்கு நரம்பு அதிகம், கொஞ்சம் போனாலும் மிச்சம் வேலை செய்யும். தொடக்கத்தில் சூடு குளிர் தெரிவதுதான் முதலில் போகும், பிறகுதான் தொடுகை, அதற்குப் பிறகு வலி. ஆகவே ஊசியால் குத்தினால் வலிக்கிறதே, அப்படியென்றால் இது அந்த நோயில்லை என்று வீட்டில் யாராவது முடிவெடுத்தால் நம்ப வேண்டாம். வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்கவே வேண்டாம், நெருப்பு வைத்துப் பார்க்க வேண்டவே வேண்டாம். அப்படிப் பார்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி நரம்பு. முழங்கையில் எதிலாவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரிச் சின்னவிரல் வரைக்கும் ஓடுமே, அந்த நரம்புதான். முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்குள்ளால் போகிறது. அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை கிடையாது, நரம்பு மேலாகவே கிடக்கிறது, அதனால் உடம்பின் உட்புறத்தை விடக் குளிர்ச்சியாக இருக்கும். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். முழங்காலுக்கு வெளிப்பக்கம், உள்கணுக்காலுக்குப் பின்னால், காதுக்குக் கீழே கழுத்தில், மணிக்கட்டில் என்று எங்கெல்லாம் நரம்பு மேலாக ஓடுகிறதோ, டொக்டர்கள் அங்கெல்லாம் தடவிப் பார்ப்பது அதனால்தான்.

தடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நோயாளியின் கையைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியின் சதைப் பகுதியால் அந்தப் பள்ளத்தில் மெதுவாகக் குறுக்கே உருட்ட வேண்டும், பிறகு மேலே கை நோக்கிக் கொஞ்சத் தூரம் அதைப் பின்தொடர வேண்டும். அதோடு மற்றக் கையையும் அதே மாதிரிப் பார்க்க வேண்டும், இது முக்கியம். மேசன், மீன்பிடிக்கிறவர், மூட்டை தூக்குகிறவர் மாதிரி மெலிந்து இறுகின கை உள்ளவர்களுக்கு நல்ல நரம்பே கைக்குத் தட்டுப்படும், அதைத் தடிப்பு என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு கையில் மெல்லிய நூல் மாதிரி நழுவுகிறது, மற்றதில் பென்சில் மாதிரி உருள்கிறது, அங்கங்கே முடிச்சு முடிச்சாகவும் இருக்கிறது என்றால்தான் அது தடிப்பு. அப்படி உருட்டும்போது நாங்கள் நரம்பைப் பார்ப்பதில்லை, ஆளின் முகத்தைத்தான் பார்ப்போம். நோவில் முகம் சுருங்கினால் அந்த நரம்பு இப்போதே வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதற்கு அவசரம் அதிகம்.

நரம்பு ஏன் தடிக்கிறது என்றால், அங்கேதான் உங்கள் "கிருமி இல்லையே" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. இந்த நோயில் கெடுதலில் பெரும் பங்கு கிருமி நேரடியாகச் செய்வதில்லை, கிருமியைத் துரத்த நம் உடம்பே அனுப்புகிற படை செய்வது. சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு பலமாக இருக்கும். அவர்களுடைய உடம்பு கிருமி இருக்கிற நரம்பைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி வளைத்து அடிக்கும். அடிக்கிற செல்கள் நரம்பின் உறைக்குள்ளேயே வந்து குவியும், நரம்பு பருக்கும், உறை நெருக்கும், உள்ளே இருக்கிற இழைகள் நசிந்து சாகும். கிருமி மிகக் கொஞ்சமாகத்தான் மிஞ்சும், ஆனால் அந்த இடத்து நரம்புக்குப் பெரிய சேதம். இப்படியான ஆட்களுக்குத்தான் ஒன்றோ இரண்டோ தேமல், தெளிவான ஓரம், முழுமையான விறைப்பு, பக்கத்தில் ஒரு தடித்த நரம்பு என்று வரும். எதிர்ப்பு குறைந்த ஆட்களுக்கு நேர்மாறு, உடம்பெங்கும் நிறைய மங்கலான திட்டு, காதுமடல் தடிப்பு, தோலில் ஏராளம் கிருமி, தொடக்கத்தில் விறைப்புக் குறைவு.

தோலில் கீறிப் பார்ப்பது, காதுமடலிலும் தேமலின் ஓரத்திலும் சின்னதாகக் கீறி, அதில் வருகிற திசுநீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. அதில் தெரிய வேண்டுமென்றால் தோலில் கிருமி நிறைய இருக்க வேண்டும். உங்கள் கணவரின் மாதிரியான தேமலில் அது இல்லை என்று வருவதுதான் வழக்கம். கிருமி இல்லை என்ற அந்தத் தாள் "நோய் இல்லை" என்று சொல்வதில்லை, "கிருமி எண்ணிக்கை குறைந்த வகை" என்றுதான் சொல்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் தேமலின் ஓரத்தில் சின்னத் துண்டு தோல் வெட்டி அனுப்புவார்கள். அதிலும் கிருமியைத் தேடுவதை விட, நரம்பு நுனியைச் சுற்றி அந்தப் படை குவிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இரத்தத்தில் பார்த்து இந்த வகையை உண்டு இல்லை என்று சொல்கிற நம்பகமான சோதனை ஒன்றும் கிடையாது, யாராவது காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால் செய்ய வேண்டாம்.

சரி, சீனி. சீனி வருத்தத்தாலும் நரம்பு கெடும், விறைப்பு வரும், உண்மை. ஆனால் அதன் நடை வேறு. இரண்டு காலிலும் ஒரே நேரத்தில், விரல் நுனியில் தொடங்கி, சொக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். ஒரு கையில் முழங்கைக்குக் கீழே ஒரு தேமலின் ஓரத்தோடு சரியாக நின்றுவிடுகிற விறைப்பு சீனியால் வராது, தோலும் வெளிறாது. நரம்பு தடிக்கிற வேறு நோய்களும் இருக்கின்றன, பரம்பரையாக வருகிற சில நரம்பு நோய்கள் மாதிரி, ஆனால் அவை அபூர்வம், அவற்றில் விறைத்த தேமல் இருக்காது. தொடையின் வெளிப்பக்கம் மட்டும் விறைப்பது ஒன்று உண்டு, இறுக்கமாகப் பெல்ட் கட்டுகிறவர்களுக்கு வரும், அதிலும் நிறம் மாறாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால், வெளிறல், விறைப்பு, பக்கத்தில் தடித்த நரம்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கிற நோய் என்று நடைமுறையில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதனால்தான் உங்களுடைய டொக்டருக்கு வேறு எதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை.

இப்போது நான் உண்மையில் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். எனக்கு அந்தத் தேமலைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. முழங்கை நரம்பைப் பற்றித்தான் கவலை.

தம்பலகாமத்தில் இருந்து வந்த ஒரு வயல்காரரைச் சொல்கிறேன், ஆள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், உள்ளங்கை அளவில் ஒரு தேமல். இரண்டு வருடம் ஒரு இடத்தில் படைக்குப் பூசுகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஒருவரும் பஞ்சால் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் எங்களிடம் வந்தது தேமலுக்காக இல்லை. "ஐயா, வரம்பில நடக்கேக்க வலது கால் செருப்பு கழண்டு விழுது, விழுந்தது கூட எனக்குத் தெரியிறதில்ல, பின்னால வாற பெடியன் எடுத்துத் தாறான்" என்றார். அந்த ஒரு வரியே போதும், உணர்ச்சியும் போய்விட்டது, செருப்பைப் பிடித்து வைக்கிற சதைகளும் பலமிழக்கின்றன என்று விளங்கிவிட்டது. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றி வருகிற நரம்பைத் தொட்டேன், நல்ல மொத்தமான கயிறு மாதிரி இருந்தது, தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். குதிக்காலை ஊன்றியபடி முன்காலை மேலே தூக்கச் சொன்னேன், தூக்கினார், நான் விரலால் கீழே அழுத்தினதும் விழுந்துவிட்டது. கேட்டுப் பார்த்தால் பலம் குறையத் தொடங்கி இரண்டு மாதம்தான்.

அந்த இரண்டு மாதம் என்ற கணக்குத்தான் அவருடைய காலைக் காப்பாற்றியது. நரம்பு செயலிழக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிரட்னிசொலோன் குளிசையைத் தொடங்கினால், அந்த வீக்கம் அடங்கி, நசிந்து கிடக்கிற இழைகள் மீள நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாள் போகப் போக இழைகள் செத்துவிடும், பிறகு எந்த மருந்தும் அதைக் கொண்டுவராது. அவருக்குத் தொழுநோய் மருந்தோடு சேர்த்து பிரட்னிசொலோன் நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து ஏறக்குறைய 20 கிழமை கொடுத்தோம். நாலாவது மாதம் அவரால் என் விரலுக்கு எதிராகக் காலைத் தூக்கிப் பிடிக்க முடிந்தது. தேமலில் உணர்ச்சி வரவில்லை, பாதத்தின் மேல்பக்கம் கொஞ்சம் விறைப்பு மிஞ்சிவிட்டது. ஆனால் நடை சரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு துண்டுப் பஞ்சால் யாராவது தொட்டிருந்தால் அந்த விறைப்பும் மிஞ்சியிருக்காது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நோகும்.

உங்கள் கணவரின் நரம்பு கைக்குப் போகிறது. அது பலமிழந்தால் சின்னவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும், மேசனுக்குக் கரண்டி பிடிக்கிற கை. ஆகவே இதை வீட்டில் கவனியுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மேசையில் வைத்து, சின்னவிரலை மட்டும் வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லுங்கள். விரித்ததை உங்கள் விரலால் உள்ளே தள்ளிப் பாருங்கள், அவர் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிழமைக்கு ஒருமுறை போதும். வலதுகை தோற்கத் தொடங்கினால், அல்லது முழங்கையில் புதிதாக நோவு வந்தால், சின்னவிரல் விறைக்கத் தொடங்கினால், தேமல் திடீரென்று சிவந்து வீங்கிச் சூடானால், அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். இதை நாங்கள் எதிர்வினை என்று சொல்வோம். மருந்து தொடங்கின பிறகுதான் பலருக்கு வரும், சிலருக்கு மருந்து முடிந்த பிறகும் வரும். மருந்து ஒத்துவரவில்லை என்று நினைத்துக் குளிசையை நிறுத்துவதுதான் அப்போது நடக்கிற பெரிய பிழை. நிறுத்தக் கூடாது, மேலதிகமாக பிரட்னிசொலோன் சேர்ப்பார்கள். அது சீனியை ஏற்றும், ஆகவே சீனி இருக்கிற விசயத்தைத் தோல் கிளினிக்கில் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று மருந்து ஒரே அட்டையில் வரும், றிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். மாதத்தில் ஒருநாள் பெரிய அளவு, அதைச் சுகாதார ஊழியர் பார்த்திருக்க விழுங்க வேண்டும், மற்ற நாட்களில் வீட்டில். அரச கிளினிக்கில் இலவசம். தேமல் ஐந்துக்குள், நரம்பில் ஒன்றுமில்லை, கிருமியும் இல்லை என்றால் ஆறு மாதம். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். இங்கே ஒரு விசயம் உங்களைக் குழப்பக்கூடும், தேமல் ஒன்றுதானே, ஏன் ஒரு வருட மருந்து என்று. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் தேமல் எத்தனை என்று பார்க்காமல் நீண்ட மருந்துப் பக்கம் சேர்ப்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாடு. அதனால் ஒரு வருடம் என்று சொன்னால், நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

றிஃபாம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், இரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். அந்த மருந்து சில சீனிக் குளிசைகளின் பலத்தையும் குறைக்கும், ஆகவே சீனியை இடையிடையே பார்க்க வேண்டும். குளோஃபசிமினால் தோல் கருக்கும், தேமல் இருந்த இடம் இன்னும் கூடுதலாகக் கருக்கும். மருந்து முடிந்து பல மாதத்தில் மெல்ல மங்கும். பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது: முதல் ஒன்றரை மாதத்துக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள் என்று வந்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது மட்டும் குளிசையை உடனே நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளைகள். இவருடைய வகையில் கிருமி மிகக் குறைவு என்பதால் மற்றவருக்குப் பரவுகிற வாய்ப்பும் மிகக் குறைவு, மருந்து தொடங்கினால் அதுவும் இல்லாத மாதிரித்தான். ஒரே கோப்பையில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். பெரும்பாலான மனிதர்களின் உடம்பு இந்தக் கிருமியைத் தானாகவே வென்றுவிடும். ஆனாலும் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், காரணம் இவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும் என்பது மட்டுமில்லை, இவருக்குக் கொடுத்த ஆள் உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஆளாக இருக்கலாம். அது யார் என்று தேடி மண்டையை உடைக்காதீர்கள். இந்தக் கிருமி ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். உள்ளே போய் வெளியே தெரிய சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடமும் ஆகும். எந்த ஊரில் வேலை செய்தபோது, எந்த முகாமில் இருந்தபோது, எந்த பஸ்ஸில் என்று யாராலும் சொல்ல முடியாது. 1995 இல் இலங்கை இந்த நோயைப் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது, அதற்குப் பிறகு இது ஒழிந்துவிட்டது என்ற நினைப்பு மக்களுக்கும் வந்தது, சில வைத்தியர்களுக்கும் வந்தது. ஆனால் இன்றைக்கும் பொதுவாக வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் புதிய நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள், அதில் கிழக்கும் உண்டு.

பீ.எச்.ஐ வீட்டுக்கு வரலாம். அது அவருடைய கடமை, பயந்து கதவைச் சாத்தாதீர்கள். அக்கம்பக்கம் பார்க்கும் என்று கூச்சமாக இருந்தால், கிளினிக்கிலேயே பிள்ளைகளைக் காட்டிவிடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வேலைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். போகலாம். ஆனால் அந்தக் கைக்குக் கையுறை வேண்டும். சீமெந்து ஈரம் விறைத்த தோலைப் புண்ணாக்கும், அவருக்குத் தெரியாது. வெயிலில் கிடந்த கம்பியைத் தூக்கும்போது நல்ல கையால் முதலில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னேரம் வந்ததும் கையைக் கழுவி, கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுங்கள், அந்தத் தோலுக்கு இனிமேல் தானாக ஈரம் வராது.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு விசயம் கேட்டுக்கொண்டு வாருங்கள். கை விரல்களின் பலத்தையும் உணர்ச்சியையும் இன்றைக்கு அளந்து புத்தகத்தில் எழுதினீர்களா என்று ஒன்று. அது எழுதியிருந்தால்தான் மூன்று மாதம் கழித்து நரம்பு தேறுகிறதா தேய்கிறதா என்று ஒப்பிட முடியும். மற்றது, இப்போதே பிரட்னிசொலோன் தேவைப்படுகிற அளவுக்கு அந்த நரம்பு நோகிறதா, பலம் குறைந்திருக்கிறதா என்று. பிள்ளைகள் இரண்டு பேரையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். சட்டையைக் கழற்றி முதுகையும் பின்தொடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே இருக்கிற தேமல்தான் தாய்மாரின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.